கேசபுத்தத்துப் பத்து விலக்குகள்: காலாம சூத்திரத்தில் ‘தானே அறிதல்’ என்பதன் பொருள்

பௌத்தத்தின் பகுத்தறிவுத் தன்மைக்குச் சான்று தேடுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது அங்குத்தர நிகாயத்தின் மூன்றாம் நிபாதத்தில் உள்ள கேசமுத்தி சூத்திரமே. காலாமர்களுக்கு உரைக்கப்பட்டமையால் காலாம சூத்திரம் என்னும் பெயரே அதற்கு வழக்கில் நிலைத்துவிட்டது. மரபு சொல்வதாலோ, நூல் சொல்வதாலோ, ஆசிரியர் சொல்வதாலோ எதையும் ஏற்க வேண்டா. தன் அறிவுக்கு ஒத்திருந்தால் மட்டும் ஏற்கலாம் என்பதே அதன் சாரம் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. சோம தேரரின் மொழிபெயர்ப்பு 1959இல் கண்டியிலிருந்து வெளிவந்தபோது, சுதந்திர விசாரணைக்குப் புத்தர் வழங்கிய சாசனம் என்னும் பொருளில் அதற்குத் தலைப்பு அமைந்தது. பின்வந்த வாசிப்புகள் பலவற்றையும் அத்தலைப்பே வழிநடத்தியது எனலாம்.

பாலி மூலத்தில் இச்சாரத்தின் முற்பகுதி உள்ளது, பிற்பகுதி இல்லை. தன் அறிவுக்கு ஒத்திருந்தால் ஏற்கலாம் என்று புத்தர் அங்கே சொல்லவில்லை. அதற்கு மாறாக, தருக்கத்திற்கு ஒத்திருப்பதும் தன் கருத்துக்கு ஒத்திருப்பதும் அவர் விலக்கிய பத்தினுள் அடங்குகின்றன. மரபை விலக்கியவர் அதே மூச்சில் அறிவின் சில செயல்களையும் விலக்குகிறார் என்றால், அவர் முன்வைக்கும் சோதனைதான் யாது? இவ்வினாவுக்கு விடை காண, சூத்திரத்தின் சொற்களையும் சூழலையும் உடன்பிறந்த சூத்திரங்களையும் ஒருசேர நோக்க வேண்டும்.

காலாமர்களின் வினா

கேசபுத்தம் கோசல நாட்டில் காலாமர் வாழ்ந்த ஊர். அது காட்டின் விளிம்பில் இருந்தது என்றும், காட்டைக் கடக்க இருந்தவர்களும் கடந்து வந்தவர்களும் அங்கே தங்கிச் சென்றனர் என்றும் உரை கூறுகிறது. எனவே பல சமயத்துச் சமணர்களும் அந்தணர்களும் அவ்வூருக்கு வந்துகொண்டே இருந்தனர். வந்த ஒவ்வொருவரும் தம் கொள்கையை விளக்கிப் பிறர் கொள்கையை இழித்தனர். அடுத்து வந்தவரும் அதையே செய்தார். இவர்களுள் மெய் சொல்பவர் யார், பொய் சொல்பவர் யார் என்பதே காலாமர் புத்தரிடம் வைத்த ஐயம்.

புத்தரின் மறுமொழி இவ்வினாவுக்கு நேர்விடையாக அமையவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். ஐயத்திற்கு இடமான பொருளில் ஐயம் எழுவது தக்கதே என்று அவர் முதலில் ஒப்புகிறார். பிறகு, மெய் சொல்பவர் யார் என்னும் வினாவை அப்படியே விட்டுவிட்டு, எதை மேற்கொள்வது, எதைக் கைவிடுவது என்னும் வேறொரு வினாவுக்கு அவர்களை அழைத்துச் செல்கிறார். சூத்திரத்தின் திருப்பம் இங்கேதான் நிகழ்கிறது.

இத்திருப்பத்தை மொழியமைப்பும் காட்டுகிறது. பத்து விலக்குகளும் ‘மா’ என்னும் எதிர்மறை இடைச்சொல்லோடும் ஒரு பெயரோடும் நிற்கின்றன, வினைச்சொல் இல்லை. ‘மா அனுஸ்ஸவேன’ என்பதில் செவிவழிச் செய்தியைக் காரணமாகக் கொண்டு என்பது வரை உண்டு. என்ன செய்ய வேண்டா என்பது இல்லை. மொழிபெயர்ப்பாளர் பலர் இவ்விடத்தை ‘நம்பாதீர்’ என்று நிரப்புகின்றனர். புத்தகோசரின் மனோரதபூரணியோ ‘கொள்ளாதீர்’ என்னும் பொருளுடைய வினையைத் தருகிறது. வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் விளைவு பெரிது. நம்புதல் மனத்தளவில் முடிந்துவிடக்கூடியது. கொள்ளுதல் என்பது வாழ்க்கையில் கைக்கொள்ளுதல் வரை செல்லும். சூத்திரத்தின் பிற்பகுதியில் வரும் ‘சமாதின்னா’, அதாவது மேற்கொள்ளப்பட்டவை என்னும் சொல்லோடு பொருந்துவதும் இவ்வினையே. நம்பிக்கையை விலக்கிய சூத்திரம் என்னும் பெயர் இதற்கு எவ்வளவு பொருந்தும் என்பது இவ்வொரு சொல்லிலேயே ஐயத்திற்குரியதாகிறது.

பத்தின் பகுப்பு

பத்து விலக்குகளும் மூன்று தொகுதியாக நிற்கின்றன. முதல் நான்கு மரபைச் சார்ந்தவை: செவிவழி வந்தது, தலைமுறை வழி வந்தது, இப்படியாம் என்று பேசப்படுவது, நூல்தொகுதியில் இடம்பெற்றது. இவற்றுள் நான்காவதான ‘பிடகசம்பதானம்’ பௌத்தப் பிடகத்தை மட்டும் சுட்டுவதன்று. மஜ்ஜிம நிகாயத்தின் சங்கீ சூத்திரத்தில் அந்தணரின் பழைய மந்திரங்களைப் பற்றிய பேச்சிலும் இச்சொல்லின் இணைச்சொல் வருகிறது. எச்சமயத்தார் போற்றும் நூலையும் இது தழுவும். பௌத்த நூலுக்கும் விலக்கு இல்லை. இறுதி இரண்டும் ஆளைச் சார்ந்தவை: சொல்பவர் தகுதியுடையவராகத் தோன்றுவது, இச்சமணர் நம் ஆசிரியர் என்று எண்ணுவது.

இவ்விரு தொகுதிகளும் வாசகரை வியப்பில் ஆழ்த்துவதில்லை. இடைப்பட்ட நான்கே சிந்தனைக்குரியவை. ‘தக்கஹேது’ தருக்கத்தைக் காரணமாகக் கொள்ளுதல். ‘நயஹேது’ ஒன்றிலிருந்து ஒன்றை உய்த்துணர்தலைக் காரணமாகக் கொள்ளுதல். ‘ஆகாரபரிவிதக்கம்’ காரணங்களை எண்ணி எண்ணி, இது சரியே என்று தெளிதல். ‘திட்டிநிஜ்ஜானக்கந்தி’ தான் ஆராய்ந்து ஏற்கெனவே கொண்டிருக்கும் கருத்தோடு இது ஒத்துப்போகிறது என்பதால் இசைதல். மரபுக்கு எதிராகப் பகுத்தறிவை நிறுத்துவதே சூத்திரத்தின் நோக்கம் என்றால் இந்நான்கும் விலக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. குறிப்பாக எட்டாவது விலக்கு கூர்மையானது. காலாம சூத்திரம் தம் பகுத்தறிவுக் கொள்கைக்கு ஒத்திருக்கிறது என்பதற்காகவே அதைக் கொண்டாடுபவர், அதைக் கொண்டாடும் செயலாலேயே அதன் எட்டாம் விலக்கை மீறுகிறார்.

தருக்கம் ஏன் விலக்கப்பட்டது என்பதற்குக் காலாம சூத்திரம் காரணம் கூறவில்லை. சங்கீ சூத்திரம் கூறுகிறது. அங்கே காபதிகன் என்னும் பதினாறு வயது அந்தண இளைஞன், வேத மந்திரங்கள் மட்டுமே மெய், மற்றவை பொய் என்னும் துணிபைப் பற்றிப் புத்தரிடம் கேட்கிறான். சிரத்தை, விருப்பம், செவிவழி, காரண சிந்தனை, கருத்திசைவு ஆகிய ஐந்தும் இருவகையாக முடியக்கூடும் என்பது புத்தரின் விடை. நன்கு ஆராயப்பட்டது வெறுமையாகவும் பொய்யாகவும் முடியலாம்; ஆராயப்படாதது மெய்யாகவும் இருக்கலாம். ஆகவே மரபு பொய் என்றோ தருக்கம் பொய் என்றோ சொல்லப்படவில்லை. இரண்டும் உறுதிதரப் போதுமானவை அல்ல என்பதே சொல்லப்படுகிறது. மரபையும் சிந்தனையையும் ஒரே வரிசையில் அமர்த்தியதே பௌத்த வாதத்தின் தனித்தன்மை.

சோதனையின் நடைமுறை

விலக்குகளுக்குப் பின் வருவது, எப்போது கைவிட வேண்டும் என்னும் நிபந்தனை. இவை நன்மையல்லாதவை, இவை பழிக்கத்தக்கவை, இவை அறிஞரால் கடியப்படுபவை, இவற்றை முழுமையாக மேற்கொண்டால் தீங்குக்கும் துன்பத்துக்கும் இட்டுச்செல்பவை என நீங்களே அறியும்போது கைவிடுங்கள் என்பது அதன் கருத்து. இங்குள்ள ‘நீங்கள்’ பன்மை. சோதனையும் உடனே அவ்வவையிலேயே நிகழ்த்தப்படுகிறது. ஒருவனது அகத்தில் உலோபம் எழும்போது அது அவன் நன்மைக்கா, தீமைக்கா எழுகிறது என்று புத்தர் கேட்கிறார். தீமைக்கே என்கின்றனர் காலாமர். உலோபத்துக்கு ஆட்பட்டவன் கொல்கிறான், கொடாததை எடுக்கிறான், பிறன் மனையை நாடுகிறான், பொய் சொல்கிறான், பிறரையும் அவ்வழியில் தூண்டுகிறான் அல்லவா என்கிறார். ஆம் என்கின்றனர். அதே வினாக்கள் துவேஷத்திற்கும் மோகத்திற்கும், பின்னர் அம்மூன்றும் இல்லாத நிலைக்கும் தொடர்கின்றன. ஒவ்வொரு படியிலும், இதில் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது என்று கேட்டு, அவர்கள் விடையைப் பெற்ற பின்னரே அடுத்த படிக்குச் செல்கிறார்.

ஆகவே ‘தானே அறிதல்’ என்பது தனியொருவன் தன் மனவறையில் எட்டும் முடிவன்று. அவையில் வினவி, விடை பெற்று, யாவரும் ஒப்பக்கூடிய அனுபவத்தின்மேல் நிறுவப்படுவது அது. ஒரு கொள்கை மெய்யா என்று அது கேட்பதில்லை. அக்கொள்கையை மேற்கொண்டவனிடம் எந்த மனநிலை வளர்கிறது, அம்மனநிலையிலிருந்து என்ன செயல் பிறக்கிறது என்பதையே கேட்கிறது.

இச்சோதனையை ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்க்கலாம். வேள்வியில் விலங்கைப் பலியிட்டால் துறக்கம் கிட்டும் என்று ஓர் ஆசிரியர் கேசபுத்தத்தில் கற்பிப்பதாகக் கொள்வோம். துறக்கம் உண்டா என்பதைக் காலாமர் சோதிக்க இயலாது. ஆனால் பலியின்போது கொலை நிகழ்கிறது என்பதும், துறக்க விருப்பம் ஒருவகை உலோபமே என்பதும் அவர்கள் அறியக்கூடியவை. அந்த அளவில் சோதனை தெளிவாகவே செயற்படுகிறது. அடுத்த படியில் சிக்கல் எழுகிறது. வேட்பவன் பேராசையின்றி, பகையின்றி, கடமை எனக் கருதியே பலியிடுகிறான் என்றால்? உலோபமும் துவேஷமும் அங்கே இல்லை. எஞ்சுவது மோகம் மட்டுமே. மயங்கியவனுக்குத் தன் மயக்கம் தெரியாது என்பதே மயக்கத்தின் இலக்கணம். பேராசையையும் சினத்தையும் அகத்தில் கண்டுகொள்ளலாம். மயக்கத்தை அவ்வாறு கண்டுகொள்ள முடிவதில்லை. தன்னனுபவத்தை மட்டும் சார்ந்த எந்தச் சோதனையும் இவ்விடத்தில் தடுமாறும்.

நிபந்தனையில் ‘விஞ்ஞு’ என்னும் அறிஞர் இடம்பெற்றதன் காரணம் இவ்விடத்திலேயே விளங்குகிறது. பொதுவாக மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடும் உறுப்பும் இதுவே. ஆசிரியர் என்பதற்காகக் கொள்ளாதீர் என்ற பின் அறிஞர் கடிவதைக் கணக்கில் கொள்ளுங்கள் என்பது முரணாகத் தோன்றலாம். அறிஞர் யார் என்பதை அறிய முன்னரே அறிவு வேண்டும் என்னும் வட்டமும் எழுகிறது. சங்கீ சூத்திரம் இவ்வட்டத்தைத் தளர்த்த முயல்கிறது. ஒரு துறவியை அணுகுபவன் முதலில் அவரிடம் உலோபம் உண்டா, அறியாததை அறிந்ததாகச் சொல்லத் தூண்டும் அளவு அது அவரை ஆட்கொண்டுள்ளதா என அவர் உடற்செயலிலும் சொல்லிலும் நோக்க வேண்டும்; பின் துவேஷம், மோகம் பற்றியும் அவ்வாறே நோக்க வேண்டும்; அதன் பின்னரே சிரத்தை, செவிமடுத்தல், மனத்தில் இருத்தல், பொருளாராய்தல் என்னும் படிகள். ஆசிரியரும் அதே முக்கூற்றுச் சோதனைக்கு உட்படுகிறார் என்பதால் முரண் பெரிதும் நீங்குகிறது. எனினும் ஆசிரியரின் மயக்கத்தைக் காண வேண்டியவன் தானும் மயங்கியவனாக இருக்கலாம். வட்டம் சுருங்குகிறது, முற்றிலும் அவிழவில்லை. நீண்ட காலம் உடன்பழகி நோக்குதல் என்னும் வழியைத் தவிர வேறொன்றை நிகாயங்கள் இதற்குத் தருவதாகத் தெரியவில்லை.

யாருக்கு உரைத்த அறிவுரை?

சுதந்திர விசாரணை என்னும் வாசிப்புக்கு வலுவான மறுப்பைப் போதி தேரர் 1988இல் எழுதினார். காலாமர் அப்போது புத்தரின் சீடர் அல்லர். ஐயத்தோடு வந்த அயலார். அவர்களிடம் புத்தர் தம் தருமத்தின்மேல் நம்பிக்கை வைக்கச் சொல்லாமல், மறுபிறப்பைப் பற்றிய முடிவை ஒத்திவைத்து, யாவரும் காணக்கூடிய அறத்திலிருந்து தொடங்குகிறார். எனவே இவ்வறிவுரையைப் பௌத்தம் முழுவதற்குமான அளவுகோலாக நீட்ட முடியாது என்பது அவர் வாதம். சூழலைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கதே.

ஆயினும் காலாம சூத்திரத்திற்கு அடுத்து நிற்கும் சாள்ஹ சூத்திரத்தை இவ்வாதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். சாவத்தியில் மிகாரமாதாவின் மாளிகையில், மிகாரனின் பேரன் சாள்ஹனிடமும் அவன் தோழனிடமும் அதே பத்து விலக்குகள் உரைக்கப்படுகின்றன. அம்மாளிகை விசாகை சங்கத்துக்கு அளித்தது; அக்குடும்பம் பௌத்தத்துக்கு அயலான குடும்பமன்று. உரைப்பவர் புத்தரும் அல்லர். நந்தகர் என்னும் பிக்கு. ஆசிரியர் என்பதற்காகக் கொள்ளாதீர் என்று அவ்வாசிரியரின் சீடரே அவ்வாசிரியரைப் போற்றும் குடும்பத்தில் சொல்வது தற்செயலாகாது.

இரு சூத்திரங்களின் வேறுபாடும் பொருளுடையது. நந்தகர் சோதனையை மேலும் ஓர் அடி உள்ளே கொண்டுசெல்கிறார். உலோபம் நன்மைக்கா தீமைக்கா என்று கேட்குமுன், உலோபம் என ஒன்று உண்டா என்று கேட்கிறார். உண்டு என்ற பின்னரே, அபிஜ்ஜை என்று தாம் சொல்வது இதனையே என்கிறார். சமயக் கலைச்சொல், கேட்போர் ஏற்கெனவே தம்முள் கண்ட ஒன்றோடு முடிச்சிடப்படுகிறது. முடிவிலும் வேறுபாடு உண்டு. காலாமர் சரணம் அடைந்து உபாசகர் ஆகின்றனர். சாள்ஹ சூத்திரமோ விடுதலை பெற்றவனின் தன்னாய்வில் முடிகிறது: முன்பு உலோபம் இருந்தது, அது நன்மையன்று, இப்போது அது இல்லை, இது நன்மை என்று அவன் அறிகிறான். நுழைவாயிலில் நின்ற அயலாருக்கு அளித்த அதே சோதனை, பாதையின் கடைசிப் படியிலும் மாறாமல் இருக்கிறது. போதி தேரரின் வரையறை காலாமருக்குப் பொருந்தும். பத்து விலக்குகளுக்குப் பொருந்தாது.

மறுபிறப்பைப் பற்றிய ஒத்திவைப்பு, காலாம சூத்திரத்தின் இறுதியில் வரும் நான்கு ஆறுதல்களில் காணப்படுகிறது. பகையற்ற மனமுடையவன், மறுமையும் வினைப்பயனும் உண்டெனில் நற்கதி அடைவேன், இல்லையெனில் இம்மையிலேயே துன்பமின்றி வாழ்கிறேன் என்று தேறலாம். தீமை செய்பவனைத் தீமை சேரும் எனில் தீமை எண்ணாத என்னை அது எவ்வாறு தீண்டும், சேராது எனில் இருவகையிலும் தூயவனாக இருக்கிறேன் என்றும் தேறலாம். சோதனையின் எல்லை இங்கே நேர்மையாகக் காட்டப்படுகிறது. காண முடியாததைக் கண்டதாகக் கொள்ளும்படி காலாமர் வற்புறுத்தப்படவில்லை.

மணிமேகலையின் அளவைகள்

தமிழ் வாசகர் இச்சூத்திரத்தைத் தருக்கத்தின் குரலாகக் கேட்பதற்கு மணிமேகலையும் ஒரு காரணம் ஆகலாம். சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் மணிமேகலை வஞ்சியில் பல சமயவாதிகளைக் கேட்கிறாள். அவள் நிலை காலாமர் நிலையை ஒத்தது. அங்கே அளவைவாதி எண்ணும் பத்து அளவைகளுள் ஆகமமும் ஐதிகமும் உண்டு. ஒரு மரத்தில் பேய் உண்டு என உலகுரையைக் கொண்டு தெளிவது ஐதிகத்துக்கு அவன் தரும் எடுத்துக்காட்டு. காலாமர் கேட்ட ‘இதிகிரா’வும் இப்படியாம் என்னும் இவ்வுலகுரையே. வஞ்சியில் அறிவின் வாயிலாக எண்ணப்பட்டது கேசபுத்தத்தில் விலக்காக நிற்கிறது.

பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அளவை இரண்டே, காண்டலும் கருத்தளவும். பிற அளவைகள் கருத்தளவில் அடங்கும் என்கிறார். தொடர்ந்து பக்கம், ஏது, திட்டாந்தம், அவற்றின் போலிகள் ஆகியன விரிகின்றன. இது திந்நாகர் வழிவந்த பௌத்த அளவையியல். இங்கே கருத்தளவு மெய்யறிவின் வாயில். கேசபுத்தத்திலோ உய்த்துணர்தல் மட்டும் போதாது. இரண்டும் பௌத்தமே. ஆனால் ஒன்று வாதத்தில் மெய்யை நிறுவும் முறை, மற்றது வாழ்வில் எதைக் கொள்வது எனத் தேரும் முறை. பின்னதை முன்னதன் சொற்களால் விளக்கும்போதே பத்து விலக்குகளின் நடுத்தொகுதி பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது.

திருக்குறளோடு ஒப்பிடுவோரும் அறிவுடைமை அதிகாரத்தின் 423ஆம் குறளையோ மெய்யுணர்தலின் 355ஆம் குறளையோ எடுப்பது வழக்கம். பொருளின் மெய்ம்மையைக் காண்பது பற்றிய குறள்கள் அவை. கேசபுத்தத்துச் சோதனைக்கு அவற்றினும் நெருங்கியது அதே மெய்யுணர்தல் அதிகாரத்தின் இறுதிக் குறள். காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றன் கேட்டில் துன்பத்தின் கேட்டைக் காண்பது அதுவே.

மணிமேகலையிலும் இம்மூன்றும் வருகின்றன. ஆனால் அளவைகள் பேசப்படும் காதையில் அல்ல, அதற்கு அடுத்த, பாவை நோற்ற காதையில். சார்புகளை விளக்கி முடித்த அறவண அடிகள், பற்றை அறுக்க நிலையாமை முதலியவற்றை நோக்குமாறும், செற்றத்தை அறுக்க மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றைக் கொள்ளுமாறும் அறிவுறுத்துகிறார். காலாமருக்கு உரைத்த பகையற்ற மனத்தின் பயிற்சியும் மைத்திரியில்தான் தொடங்குகிறது. மயக்கத்தைக் கடிய அவர் கூறும் வழி நான்கு படிகளை உடையது: சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனை. செவிவழி வந்ததும் சிந்தித்துத் தெளிந்ததும் இங்கே மீண்டும் இடம்பெறுகின்றன. முதல் இரண்டு படிகளாக மட்டும்.